கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தைப் பிடிப்பது எப்படி? என் விடை தவறாம், உதவி தேவை

மலர்_முதலாண்டு: கார்பன் டை ஆக்சைடு ஏன் வெப்பத்தைப் பிடிக்கிறது என்ற வினாவுக்கு நான் எழுதிய விடையைப் பேராசிரியர் அடித்துவிட்டார். நாளை காலை திருத்தி ஒப்படைக்க வேண்டும். தவறு எங்கே?

ரகுபதி: எழுதியதைச் சொல்லாமல் தவறை எப்படிக் காட்டுவது?

மலர்_முதலாண்டு: அவசரத்தில் விட்டுவிட்டேன். பூமியின் வெப்பத்தை அது கண்ணாடிபோல் பிரதிபலிக்கிறது என்று எழுதினேன். அதன் இருமுனைத் திருப்புத்திறன் சுழி என்றும் படித்திருக்கிறோம். அப்படியானால் நைட்ரஜனைப் போல அதுவும் அகச்சிவப்புக் கதிரை விட்டுவிட வேண்டாமா?

தணிகாசலம்: அடிப்படையைப் படிக்காமல் வருபவர்களுக்கு எத்தனை முறை சொல்வது? ஒரு பிணைப்பு நீளும்போது மற்றது சுருங்குகிறது, அந்த 4.3 மைக்ரோமீட்டர் அதிர்வுதான் விடை.

வளியறிஞர்: அந்த அதிர்வு உண்மைதான், ஆனால் 288 கெல்வினில் இருக்கும் தரை அந்த அலைநீளத்தில் மிகக் குறைவாகவே உமிழ்கிறது. முதன்மையானது 15 மைக்ரோமீட்டரில் நிகழும் வளைவு அதிர்வு. ஓர் ஈர்க்குச்சியின் இரு முனைகளையும் கீழ்நோக்கி வளைத்துப் பாருங்கள், மலர். நடுவிலுள்ள கார்பன் மேலேயும் ஆக்சிஜன்கள் கீழேயும் போவதால், அசையாதபோது சுழியாக இருந்த திருப்புத்திறன் அந்தக் கணத்தில் சுழியாக இருப்பதில்லை. அது இப்படி மாறுவதால்தான் மூலக்கூறு அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுகிறது. நைட்ரஜனில் ஒரேவகை அணுக்கள் இரண்டே இருப்பதால், எவ்வளவு நீண்டு சுருங்கினாலும் இந்த மாற்றம் வராது.

பிரதிபலிப்பு என்பது தவறு. கதிரை உறிஞ்சிய மூலக்கூறு, பெரும்பாலும் தான் உமிழ்வதற்கு முன்பே அருகிலுள்ள மூலக்கூறுகளோடு மோதி ஆற்றலைக் கொடுத்துவிடுவதால் காற்று சூடாகிறது. அந்தக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு எல்லாத் திசைகளிலும் உமிழ்கிறது. விண்வெளிக்குத் தப்பும் 15 மைக்ரோமீட்டர் கதிர் குளிர்ந்த மேலடுக்குகளிலிருந்து கிளம்புவதால் அளவில் குறைவாக இருக்கிறது. ஆகவே சூரியனிடமிருந்து பெற்ற அளவுக்கு ஈடாக வெளியேற்றும் வரை தரை சூடாகிக்கொண்டே போகிறது. சுமார் −18 டிகிரி செல்சியசாக இருந்திருக்க வேண்டிய தரை 15 டிகிரியில் இருப்பதற்கு, நீராவியும் சேர்ந்து செய்யும் இந்த வேலையே காரணம்.

ஊட்டி_மலர்த்தோட்டம்: எங்கள் பசுமைக்குடிலின் பாலித்தீன் விரிப்பு அகச்சிவப்பைப் பெருமளவு வெளியே விட்டுவிடும் வகை, இருந்தும் நண்பகலில் உள்ளே நிற்க முடிவதில்லை. அங்கே கார்பன் டை ஆக்சைடு கூடியிருக்கிறதா?

வளியறிஞர்: இல்லை. சூடான காற்று மேலெழுந்து போக முடியாததே அங்கு முதன்மைக் காரணம். பக்கத்திரையைச் சுருட்டினால் உடனே தணியும்.

ரகுபதி: அப்படியானால் ‘பசுமை இல்ல விளைவு’ என்ற பெயரே மாணவர்களைக் குழப்புகிறது, மாற்ற வேண்டும்.

தணிகாசலம்: நிலைத்துவிட்ட கலைச்சொல்லை மாற்றுவது பெருங்குழப்பம். அதிருக்கட்டும், 15 மைக்ரோமீட்டர் கதிரை இப்போதுள்ள வாயுவே முழுவதும் உறிஞ்சிவிடுகிறதே, இன்னும் சேர்ந்தால் என்ன ஆகும்?

வளியறிஞர்: நல்ல கேள்வி. வாயு கூடக்கூட, கதிர் விண்வெளிக்குத் தப்பும் மட்டம் இன்னும் உயரே, இன்னும் குளிர்ந்த காற்றுக்கு நகர்கிறது. அந்தப் பட்டையின் ஓரங்களிலும் உறிஞ்சல் கூடுகிறது.

ரகுபதி: பெயரைப் பற்றி நான் சொன்னதற்கு இன்னும் விடை வரவில்லை.

மலர்_முதலாண்டு: பிரதிபலிப்பை நீக்கி, வளைவு அதிர்வை எழுதி ஒப்படைத்தேன், ஏற்றுக்கொண்டார். மட்டம் உயர்வது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.