கல்வெட்டு படம் போட்டிருக்கிறேன், என்ன எழுதியிருக்கிறது? கொஞ்சம் அவசரம்

வயல்வரப்பு
வணக்கம். எங்கள் மாமா நிலத்தில் இருக்கும் கல் இது. படத்தைப் பாருங்கள். மேலே ஏதோ எழுத்து இருக்கிறது, பழைய தமிழ் என்று ஊரில் சொல்கிறார்கள். திங்கட்கிழமை நிலத்தைச் சமன்படுத்த ஜேசிபி வருகிறது, அதற்குள் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் மாமாவிடம் சொல்லி நிறுத்திவிடலாம். யாராவது படித்துச் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர்
எந்த மாவட்டம்? கல் எவ்வளவு உயரம்? எழுத்து மட்டும்தானா, உருவம் ஏதாவது உண்டா? படத்தில் கீழ்ப்பாதி செடிக்குள் போய்விட்டது.

கல்தச்சன்
உச்சி வெயிலில், நேர் எதிரே நின்று, போனில் ஒரே ஒரு படம். இதில் எழுத்து இருக்கிறது என்று நீங்கள் சொன்னதால்தான் நம்புகிறேன். இங்கே மாதம் நாலு பேர் இப்படி வருகிறார்கள், நாலு பேருக்கும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன். முதலில் படம் எடுக்கக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

அதியர்குடி
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இது தமிழி, அதாவது தமிழ் பிராமி எழுத்து. புலிமான்கோம்பையில் 2006-இல் கிடைத்த நடுகற்கள் மாதிரியே இருக்கிறது. மூன்றாவது வரியில் எனக்கு "அதியன்" என்று தெளிவாகத் தெரிகிறது. அதியமான் ஆண்ட தகடூர்ப் பக்கமாக இருந்தால் இது சாதாரண விஷயம் இல்லை.

வயல்வரப்பு
ஊத்தங்கரைப் பக்கம். உயரம் என் நெஞ்சளவு இருக்கும். எழுத்துக்குக் கீழே ஒரு ஆள், கையில் வில். காலடியில் மாடு மாதிரி இரண்டு. சொல்ல மறந்துவிட்டேன், ஊரில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள், வருடா வருடம் எண்ணெய் பூசுவார்கள்.

தென்பெண்ணை
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும், எழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாதிக் கதை வந்துவிட்டது. வில் பிடித்த ஆள், மாடு, வேடியப்பன் என்ற பெயர், அந்தப் பகுதி எல்லாம் சேர்ந்தால் மாட்டு மந்தைக்காக நடந்த சண்டையில் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல். எழுத்து அநேகமாகத் தமிழிக்குப் பிந்திய வட்டெழுத்து.

அதியர்குடி, நீங்கள் சொன்ன புலிமான்கோம்பைக் கற்கள் தமிழிதான், மறுக்கவில்லை. ஆனால் அவற்றில் உருவம் கிடையாது, எழுத்து மட்டும். இங்கே புடைப்பாக ஆள் நிற்கிறான். செங்கம், தருமபுரிப் பக்கத்துப் பல்லவர் காலக் கற்களின் அமைப்பு இது. அப்புறம் அந்த "அதியன்". வட்டெழுத்தில் ய, ப, வ மூன்றும் தேய்ந்த பிறகு ஒன்றுபோலவே நிற்கும். எனக்கு அங்கே ஒரு திறந்த வளைவும் கடைசியில் ன் போல ஒன்றும்தான் தெரிகிறது. அதை வைத்துப் பெயர் சொல்ல முடியாது.

வயல்வரப்பு, இன்று இருட்டிய பிறகு இப்படிச் செய்யுங்கள். போனைக் கல்லுக்கு நேர் எதிரே செங்கல் அடுக்கியாவது அசையாமல் வையுங்கள். பிளாஷ் வேண்டாம், டைமர் போட்டு எடுங்கள். டார்ச்சை ஒருவர் கல்லின் பக்கவாட்டில், ஒரு மீட்டராவது தள்ளிப் பிடிக்க வேண்டும், வெளிச்சம் கல்லின் முகத்தை உரசிக்கொண்டு போகிற மாதிரி. இடது, வலது, மேல், கீழ், அப்புறம் நாலு மூலையிலிருந்தும் எடுங்கள். இடமிருந்து வரும் வெளிச்சத்தில் படுக்கைக் கோடுகளுக்கு நிழலே விழாது, மேலிருந்து பிடித்தால்தான் அவை வரும். ஒரே திசையில் பத்துப் படம் எடுத்து எந்தப் பயனும் இல்லை. ஒரு ஸ்கேலையும் கல்லோரம் வைத்துவிடுங்கள்.

குடமுழுக்கு
எங்கள் ஊர்க் கோயில் அதிட்டானத்திலும் கல்வெட்டு இருக்கிறது, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்யலாம் என்று ஒப்பந்தக்காரர் சொல்கிறார். செய்யலாமா?

தென்பெண்ணை
வேண்டவே வேண்டாம். சுண்ணாம்பு போகும், கூடவே எழுத்தின் விளிம்பும் போகும், அதன் பிறகு யாராலும் படிக்க முடியாது. தனி இழையாகப் போடுங்கள், அங்கே விரிவாக எழுதுகிறேன்.

அதியர்குடி
இவ்வளவு சிரமம் எதற்கு? சாக்பீஸ் பொடியோ மைதாவோ தேய்த்தால் பள்ளத்தில் வெள்ளையாக நின்று எழுத்து பளிச்சென்று தெரியும். நான் பல இடத்தில் செய்திருக்கிறேன்.

கல்தச்சன்
செய்திருக்கிறேன் என்று பெருமையாக வேறு சொல்கிறீர்கள். பொடி எழுத்தில் மட்டுமா நிற்கும்? கல்லில் இருக்கும் ஒவ்வொரு பொத்தலிலும் நிற்கும். பிறகு உங்களுக்குப் பிடித்த பொத்தல்களைச் சேர்த்து "அதியன்" என்று படிப்பீர்கள்.

அதியர்குடி
மரியாதையாகப் பேசுங்கள். பழைய அறிஞர்கள் எல்லாம் சுண்ணக்கட்டி தடவித்தான் படம் எடுத்தார்கள்.

கல்தச்சன்
எடுத்தார்கள். அந்தப் படங்களில் தெரிவது அவர்கள் வாசிப்பு, கல் அல்ல. சந்தேகம் வந்தால் திரும்பக் கல்லுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

கணக்கு டீச்சர்
சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு சந்தேகம். பள்ளம் எது, உளி வைத்த கோடு எது என்று எப்படிப் பிரிப்பது?

தென்பெண்ணை
இடப்பக்கம் ஒளி வைத்த படத்தையும் வலப்பக்கம் வைத்த படத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். கீறலாக இருந்தால் நிழல் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குத் தாவும். எண்ணெய்க் கறையும் பாசியும் அப்படியே கிடக்கும். விரிசல் என்றால் வரியைத் தாண்டி ஓடிக்கொண்டே போகும். உளிக்கோடு தேய்ந்திருந்தாலும் ஒரே அகலத்தில் வரும், திரும்பும் இடத்தில் வழவழப்பாகத் திரும்பும். அந்தப் பக்கத்துக் கல்லில் பருமணி உதிர்ந்த குழிகள் நிறைய, அவை வட்டமாகத் தனித்தனியாக இருக்கும்.

கீழிருந்து ஒளி வைத்த படத்தில் எழுத்து குழிக்குப் பதிலாகப் புடைத்திருப்பது போலக் கண் ஏமாறும். அப்போது படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காய்வதைப் பாருங்கள். மேல்முகம் முதலில் வெளுக்கும், கோட்டுக்குள் ஈரம் கொஞ்ச நேரம் கறுப்பாக நிற்கும். எண்ணெய் ஏறிய இடத்தில் இது நடக்காது, மற்ற இடத்தில் முயலலாம். கம்பி பிரஷ் மட்டும் தொடவே வேண்டாம்.

வயல்வரப்பு
எடுத்துவிட்டேன். 8 படம். தம்பிதான் டார்ச் பிடித்தான். முதல் படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, எழுத்து எழுத்தாகத் தெரிகிறது!

தென்பெண்ணை
அருமை, தம்பியிடம் சொல்லுங்கள். நான் பார்த்தவரை ஐந்து வரி:

கோவிசைய . . . . . பரும
ற்கு யாண்டு . . . வது
. . . . . . . ன்
தொறு . . . .
பட்டான் கல்

மெய்யெழுத்துக்குப் புள்ளியில்லாமல்தான் வெட்டியிருக்கிறார்கள், அது நான் போட்டது. வரியில் விட்டுவிட்டு வரும் புள்ளிகள் படிக்க முடியாத எழுத்துகள். முதல் வரி அந்தப் பகுதி நடுகற்களில் திரும்பத் திரும்ப வரும் தொடக்கம், "கோவிசைய" இன்ன "பருமற்கு யாண்டு" இத்தனையாவது, அதாவது பல்லவ அரசன் ஒருவனின் ஆட்சியாண்டு. அதனால் "விசைய" தேய்ந்திருந்தும் துணிந்து சொல்கிறேன். நாலாம் வரி "தொறுக்கொண்ட ஞான்று". தொறு என்றால் மாட்டு மந்தை. மந்தையைக் கவர்ந்த நாளில் இறந்துபட்டவன் கல்.

கணக்கு டீச்சர்
தென்பெண்ணை சார், ஒரு சின்னக் கணக்கு. ஸ்கேலை வைத்துப் பார்த்தால் ஒரு எழுத்துக்குச் சராசரி 4 செ.மீ. இடம். "தொறு" முடிந்து கல் விளிம்பு வரை 17 செ.மீ.தான் இருக்கிறது. "க்கொண்ட ஞான்று" என்றால் ஏழு மெய், கொம்பும் காலும் வேறு தனியாக நிற்கும். 30 செ.மீ. ஆவது வேண்டாமா? "மீட்டுப்" என்றால் நாலெழுத்து, சரியாக உட்காருகிறது.

தென்பெண்ணை
நீங்கள் சொல்வது சரி. வாய்ப்பாடு மனதில் ஓடிக்கொண்டிருந்ததால் கண் தானாக நிரப்பிவிட்டது. "தொறு மீட்டுப் பட்டான்" என்பதும் வழக்கமாக வருவதுதான். அப்படியானால் கதையே மாறுகிறது, மாடு கவர வந்தவன் என்பது போய், போன மாட்டை மீட்கப் போய் இறந்தவன் ஆகிவிடுகிறான். நான் எழுதியதை எடுத்துவிடுங்கள்.

கணக்கு டீச்சர்
அரசன் பெயரையும் இப்படியே எண்ணிப் பார்க்கலாமா? அங்கே ஐந்து எழுத்து இடம்.

தென்பெண்ணை
எண்ணினேன், உதவவில்லை. "மயிந்திர" ஐந்து, "நரசிங்க" ஐந்து. இரண்டுமே இப்படிக் கற்களில் வரும் பெயர்கள். ஐந்தாவது எழுத்து ர-வா க-வா என்று தெரிந்தால் போதும். ர என்றால் அநேகமாக ஒற்றை நெட்டுக்கோடு, க என்றால் கூடவே வளைவு வேண்டும். சரியாக அந்த இடத்தில்தான் எண்ணெய் வழிந்து கெட்டியாகப் படிந்திருக்கிறது.

அதியர்குடி
மைப்படி எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடுமே. ஈரத்தாளை ஒட்டி பிரஷால் தட்டி மை ஒற்றினால் போதும்.

தென்பெண்ணை
எடுக்க வேண்டியதுதான், ஆனால் பழகியவர்கள் எடுக்கட்டும். பள்ளம் மிச்சமிருக்கும் இடத்தில்தான் தாள் உள்ளே இறங்கும். மூன்றாம் வரியில் வழவழவென்று ஆகியிருக்கும் இடத்தில் தாளும் வழவழவென்றுதான் வரும். அந்த வரியில்தான் வீரன் பெயர் இருக்கிறது. மற்ற வரிகளுக்கு வேறு கற்கள் துணை இருக்கின்றன, ஒரு தனி மனிதன் பெயருக்கு எந்தக் கல் துணை?

வயல்வரப்பு
அப்போ பெயர் தெரியவே தெரியாதா? மாமா அதைத்தான் கேட்கிறார்.

தென்பெண்ணை
இந்தப் படங்களில் தெரியாது. எண்ணெயைப் பக்குவமாக எடுத்த பிறகு இரண்டு மூன்று எழுத்து கூடலாம், முழுப்பெயர் வரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதைவிட, திங்கட்கிழமைக்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் மாவட்டத் தொல்லியல் அலுவலரிடமும் இந்தப் படங்களைக் காட்டுங்கள். கல்லைப் பெயர்த்து ஓரமாக வைக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் இன்னும் வரி இருக்கலாம். ஊர் பெயரையும் இங்கே போடாதீர்கள், புதையல் என்று தோண்டுகிறவர்கள் இதையெல்லாம் படிக்கிறார்கள்.

கல்தச்சன்
"செங்கம் நடுகற்கள்" 1972-இல் வந்த தொகுப்பு, "தருமபுரி கல்வெட்டுகள்" 1975. இந்தக் கல் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை. 50 வருடத்துக்கு முன் தேயாமல் இருந்தபோது படித்திருந்தால் அதுதான் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே மூன்றாம் வரி.

தென்பெண்ணை
இது நல்ல யோசனை, நன்றி. நாளை பார்க்கிறேன்.

கணக்கு டீச்சர்
வயல்வரப்பு, நாலாம் வரி வலது ஓரம் கல்லின் பழைய விளிம்பா, பிறகு சில்லு போனதா? கையால் தடவிப் பார்த்தால் தெரியும். பழைய முகம் என்றால் மற்ற பக்கம் மாதிரியே மழுங்கியிருக்கும், உடைந்தது என்றால் சொரசொரவென்று இருக்கும்.

வயல்வரப்பு
ஜேசிபி வரவில்லை, மாமா ஒத்துக்கொண்டார். அலுவலர் வியாழன் வருகிறார். டீச்சர், தடவிப் பார்த்தேன், வலது ஓரம் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது, ஒரு கை அகலத்துக்கு.

தென்பெண்ணை
அப்படியானால் 17 செ.மீ. கணக்கும் போயிற்று. டீச்சர், நாலாம் வரியை "தொறு . . . ." என்று புள்ளியோடே விட்டுவிடுவோம், கொண்டவனா மீட்டவனா என்று இப்போதைக்கு எழுத வேண்டாம். செங்கம் தொகுப்பைப் பார்த்தேன், அதில் இந்தக் கல் இல்லை. தருமபுரித் தொகுதி யாரிடமாவது இருந்தால் ஊத்தங்கரைப் பக்கங்களைப் பார்த்துச் சொல்லுங்கள்.