புதுப்பிப்பு: ஆலைக் கணக்கைச் சொல்லாமல் எழுதின சுயவிவரம்

போன மாதம் நான் கேட்டது: "கிளிநொச்சி அரிசி ஆலையில இப்பவும் வேலை. அரிசி உடையிறதைக் குறைச்சனான். ஆலைக் கணக்கைச் சொல்லாமல் எப்பிடி எழுதுறது?"

ஒரு தம்பி எண்ணே வேண்டாம் எண்டார், பாதி சரி. வவுனியா அக்கா சொன்னதுதான் உதவிச்சு: தொன் கணக்கை விடு, விகிதத்தை வை, பக்கத்தில உற்பத்தி அளவைப் போட்டால் மிச்சத்தைக் கணக்குப் பார்த்திடுவினம்.

நான் எழுதினது: "அவித்த நெல்லை இரண்டு கட்டமாக உலர்த்தி, ஈரப்பதம் 14 சதவீதத்துக்கு வந்தபின் குற்றினோம், உடைவு ஏறக்குறையப் பாதியானது." 14 எல்லா ஆலைக்கும் தெரிஞ்ச அளவு.

நேர்முகத்தில "எத்தனை தொன்?" எண்டு கேட்டவை. "அது ஆலையின்ர கணக்கு, முறையைச் சொல்லுறன்" எண்டன், ஏற்றுக்கொண்டு முறையைக் கேட்டுக்கொண்டிருந்தவை. ஆனால் ஆலையோட செய்த வேலை ஒப்பந்தத்தில, வெளியில சொல்லக்கூடாததுகளுக்குள்ள "செயல்முறை" எண்ட சொல்லும் இருக்கு. இரண்டு கட்ட உலர்த்தல் அதுக்குள்ள வருமோ எண்டு அக்காவிட்டத் திரும்பக் கேட்டிருக்கிறன்.