உதவி: பொருளைத் திருப்பி அனுப்பினேன், பணம் முழுதாக வரவில்லை. யாரிடம் கேட்பது?

நீலமலர்: வெளிநாட்டு ஆன்லைன் கடை ஒன்றில் கேமரா லென்ஸ் வாங்கினேன். பிடிக்கவில்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். முழுப் பணமும் கொடுத்துவிட்டதாகக் கடை சொல்கிறது. ஆனால் கார்டில் 482.04 போயிருக்கிறது, 452 தான் வந்திருக்கிறது. மீதியை யார் எடுத்துக்கொண்டார்கள்? அவசரம், பில் கட்டும் தேதி நெருங்குகிறது.

சுடர்: 482.04 என்ன? டாலரா, யூரோவா? கடை எந்த நாணயத்தில் வசூலித்தது?

கணக்குப்பிள்ளை: இது இங்கே பலமுறை பேசி முடித்த விஷயம், கேட்பதற்கு முன் பழைய இழைகளைத் தேடிப் பார்த்திருக்கலாம். நாணய மாற்று விகிதம் மாறினால் நஷ்டம் கார்டு வைத்திருப்பவருக்குத்தான். கடைக்கும் வங்கிக்கும் இதில் பங்கே இல்லை. வேறு பேச்சு வேண்டாம்.

தென்றல்: கவலைப்படாதீங்க, காத்திருங்க. நான் ஆர்டர் செய்த அன்றே ரத்து செய்தேன், ஒரு பைசா குறையாமல் வந்தது.

பழைய காசாளர்: தென்றல், உங்களுடையது வேறு. உங்கள் பணம் பிடித்து மட்டும்தான் வைக்கப்பட்டிருந்தது, கணக்கில் ஏறவே இல்லை. அதை விடுவித்தார்கள், அதனால் நாணய மாற்றமே நடக்கவில்லை. நீலமலருக்குக் கணக்கில் ஏறிய பிறகு ரிட்டர்ன் வந்திருக்கிறது. அது புதிதாக ஒரு பரிவர்த்தனை. அதற்கு அது பதிவாகும் நாளின் விகிதம்தான்.

நீலமலர், மூன்று தகவல் வேண்டும். கடை ரசீதில் எந்த நாணயம், எவ்வளவு? பணம் போன தேதியும் வந்த தேதியும் என்ன? பில்லில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்று தனி வரி இருக்கிறதா?

நீலமலர்: ரசீதில் 400 யூரோ. ரிட்டர்ன் மின்னஞ்சலிலும் 400 யூரோ. என் கார்டு டாலர் கார்டு. இடையில் ஆறு வாரம். தனி வரி எதுவும் இல்லை.

பழைய காசாளர்: அப்படியானால் கடை தன் பங்கைச் செய்துவிட்டது. 400 வாங்கியது, 400 கொடுத்தது. இனி அவர்களோடு வாதாட வேண்டாம்.

இப்போது 482.04-ஐ 400-ஆல் வகுங்கள், 1.2051 வரும். விசாவும் மாஸ்டர்கார்டும் தேதிவாரியாகத் தங்கள் விகிதத்தை இணையத்தில் காட்டுகின்றன. வாங்கிய நாளுக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் வங்கியின் கட்டண விகிதத்தையும் பாருங்கள்.

நீலமலர்: அன்று 1.17 காட்டுகிறது. வங்கி 3% என்று போட்டிருக்கிறது. திரும்பி வந்த நாளுக்கு 1.13.

பழைய காசாளர்: சரி, கணக்கு விளங்கிவிட்டது. 400 யூரோ 1.17-இல் 468 டாலர். அதன் மேல் 3%, அதாவது 14.04. இரண்டும் ஒரே வரியில் கலந்திருக்கின்றன, அதனால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. திரும்பி வரும்போது 1.13-இல் 452. ஆக மொத்தக் குறைவு 30.04. அதில் 16 மட்டுமே விகிதம் இறங்கியதால் வந்தது, 14.04 வங்கியின் கட்டணம். 16-ஐ யாரும் தரமாட்டார்கள். கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள். சில வங்கிகள் ரிட்டர்னோடு அதையும் திருப்புகின்றன, சில திருப்புவதில்லை. கார்டு விதிமுறையில் எழுதியிருக்கும்.

கணக்குப்பிள்ளை: நான் சொன்னதும் அதுவேதானே.

பழைய காசாளர்: இல்லை. வங்கிக்குப் பங்கே இல்லை என்றீர்கள். கிட்டத்தட்ட பாதிக் குறைவு அங்கேதான் இருக்கிறது.

சுடர்: கடை ஐரோப்பியக் கடையென்றால் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் உரிமை உத்தரவு 2011/83 இருக்கிறதே? பணத்தைத் திருப்புவதால் வாங்கியவருக்கு எந்தக் கட்டணமும் வரக்கூடாது என்கிறது. அப்போது கடையே 30-ஐயும் தரவேண்டும்.

பழைய காசாளர்: வாங்கியவரிடமிருந்து தான் பெற்ற தொகையை வியாபாரி திருப்ப வேண்டும் என்பதுதான் அதில் அடிப்படை. அவர் பெற்றது 400 யூரோ. 3% வாங்கும்போதே விழுந்தது, திருப்பியதால் வந்ததில்லை. அதோடு, ஐரோப்பாவுக்கு வெளியே இருப்பவருக்கு அது செல்லுமா என்பது கடை எந்தச் சந்தையை நோக்கி விற்றது என்பதைப் பொறுத்தது.

சுடர்: பொருள் பழுது என்றால்? ஆறு வாரம் இழுத்தடித்ததே கடை என்றால்? அப்போதும் வாங்கியவர்தான் சுமக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

தென்றல்: யூரோ ஏறியிருந்தால் கூடுதலாகக் கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்களா?

சுடர்: தாமதம் யாரால் என்பதுதான் என் கேள்வி. அதற்கு இது பதில் இல்லை.

பழைய காசாளர்: தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்கலாம், ஆனால் கார்டு தகராறு வழியாக அல்ல. 400 யூரோவும் வந்துவிட்டதால் அந்தப் புகாரை வங்கி மூடிவிடும். கடையிடம் நேரடியாகத்தான் கேட்க வேண்டும். கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

இதைப் படிக்கும் மற்றவர்கள் ஒன்றைப் பாருங்கள். ரசீதில் யூரோவுக்குப் பதில் உங்கள் சொந்த நாணயமே வசூல் தொகையாக இருந்தால், மாற்றத்தைச் செய்தது கடைப் பக்கம். அப்போது அதே தொகை அதே நாணயத்தில் திரும்ப வரவேண்டும். குறைந்தால் கடையை விடாதீர்கள்.

நீலமலர்: வங்கியில் பேசினேன். 13.56 வரவு வைத்திருக்கிறார்கள். நன்றி.

சுடர்: 14.04 எங்கே?

பழைய காசாளர்: 452-க்கு 3% போட்டிருக்கிறார்கள்.