பொருள்: மண்டபத்து ஜெனரேட்டர் – குடும்பத்துக்கு 15,000 கேட்கிறார்கள்

சந்திரன், மஸ்கட்
எல்லோருக்கும் வணக்கம். போன முகூர்த்தத்துக்கு ஊருக்குப் போன அத்தை மகன் சொன்னது: தாலி கட்டுற நேரத்துல கரண்ட் போக, ஜெனரேட்டரும் கரும்புகை கக்கிட்டு நின்னுபோச்சாம். மெக்கானிக் இனி அதுக்குச் செலவு பண்றது வீண்னுட்டார். புதுசு 9 லட்சம். 60 குடும்பமும் ஆளுக்கு 15,000 போடணுமாம். இதுக்குன்னு ஒரு நிதி இருந்துச்சே?

கணேசன், சென்னை
இருந்தது. 2014இல் 6 லட்சத்துக்கு வாங்கினோம். மண்டப வருமானத்தில் வருடம் 45,000 எடுத்து வங்கியில் போட்டு, வட்டியைத் தொடாமல் விடுவதாகத் தீர்மானம். 7% வட்டியில் பத்தாவது தவணையோடு 6.22 லட்சம் சேர்ந்திருக்கும். நான்கு தவணை கட்டினோம். 2018இல் டெபாசிட்டை உடைத்து நுழைவு வளைவு கட்டினார்கள், அதோடு தவணையும் நின்றது.

எடுத்தது 2 லட்சம்தானே என்கிறார்கள். அந்த 2 லட்சம் இன்னும் ஆறு வருடம் கிடந்திருந்தால் 3 லட்சம். பிந்திய ஆறு தவணையும் சேர்ந்தே 3.22 லட்சம்தான் தரும். முதலில் போடும் பணத்துக்குத்தான் வட்டி வேலை செய்ய நாள் அதிகம். அதைத்தான் எடுத்தோம்.

செல்வராசு, சிங்கப்பூர்
கணேசா, வளைவுல உங்க அப்பா பேரும் இருக்கு, மறந்துட்டியா? பக்கத்து ஊர்க்காரன் நின்னு போட்டோ எடுத்துட்டுப் போறான். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்துல என் கல்யாணம் நடக்கலையா?

மீனா, நியூஜெர்சி
மாமா, வளைவை விடுங்க. புதுசு 9 லட்சம்னா பத்தா வகுத்து வருஷம் 90,000 போடுவோம். விலை ஏறினா வட்டி பாத்துக்கும்.

கணேசன்
பாதி சரி மீனா. அப்படிப் போட்டால் 12.43 லட்சம் வரும். ஆனால் விலை வருடம் 5% ஏறினால் பத்து வருடத்தில் அதே ஜெனரேட்டர் 14.66 லட்சம். பழைய திட்டமும் இதில்தான் சறுக்கியது. வாங்கிய விலையைக் குறியாக வைத்தோம், ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் இன்று 2.78 லட்சம் துண்டு விழும். இந்தத் தடவை வருடம் 1.06 லட்சம் வேண்டும். ஆண்டுக்கு 40 விசேஷம் என்றால் வாடகையில் 2,650 கூட்டினால் போதும். வட்டி நிலையாக நிற்காது, 2020இல் 5 சொச்சத்துக்கு இறங்கியதைப் பார்த்தோமே. வருடா வருடம் கணக்கைத் திருப்பிப் போட்டுத் தவணையை மாற்ற வேண்டும்.

பழனி, கோலாலம்பூர்
சீட்டு விஷயம்னா நான் வரலை. முன்னாடி ஒருத்தர் ஓடிப்போனதுல என் தங்கச்சி நகை போச்சு.

சந்திரன்
பழனி அண்ணே, இது சீட்டு இல்லை, ஏலமும் இல்லை. பேங்க்ல கிடக்கிற பணம்.

செல்வராசு
வாடகையைக் கூட்டினா ஏழைப் பிள்ளைங்க கல்யாணத்தை எங்க வைக்கும்? மண்டபம் கட்டினதே அவங்களுக்குத்தான்.

மீனா
அது நியாயம், மாமா. உள்ளூர்ல இல்லாதப்பட்டவங்களுக்குப் பழைய வாடகையே இருக்கட்டும், அந்தக் குறையை நாம ஏத்துக்குவோம். ஆனா டெபாசிட்டை உடைக்கணும்னா மூணு பேர் கையெழுத்து வேணும், அதுல ஒண்ணு வெளியூர் ஆளா இருக்கணும். போன தடவை போட்ட ரெண்டு கையெழுத்தும் ஒரே வீட்டுது. இது மாறாம என் 15,000 வராது.