குசினிப் புகைக்குழாய்க்குள் படிவதற்கு என்ன பெயர்?

மட்டக்களப்பிலிருந்து, தொழிற்பயிற்சிப் போதனாசிரியர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். சாப்பாட்டுக்கடை வேலையாட்களுக்குத் துப்புரவு அறிவுறுத்தல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூட்டிலும், அதில் புகையை வடிகட்டும் வடிகளிலும், கூரைக்குச் செல்லும் குழாயிலும் படிகின்ற ‘கிறீஸ்’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் தேவைப்படுகிறது.

கல்லடியில் நான் பார்த்த கொத்துரொட்டிக்கடை ஒன்றில் வடிகளை இரவுதோறும் கழுவுகிறார்கள்; அவை பளிச்சென்றே இருந்தன. ஆனால் சுவரைத் துளைத்துக் கிடையாகப் போகும் குழாய் மேல்நோக்கி வளையும் இடத்தில் மூடியைக் கழற்றியபோது, தேன் நிறத்தில் 3 மில்லிமீற்றர்த் தடிப்புக்குப் படிந்திருந்தது. “எண்ணெய் எல்லாம் துடைத்தாயிற்று, சேர்” என்று அங்கு வேலைசெய்யும் தம்பி சொன்னது பொய்யன்று. அவருக்கு எண்ணெய் என்பது வடியிலிருந்து சொட்டுவது மட்டுமே. ‘கொழுப்புப் படிவு’ என்று எழுதலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

‘கிறீஸ்’ என்பதற்கு ‘மசகு’ என்ற சொல் ஏற்கெனவே வழக்கில் உள்ளதால் புதிதாக ஆக்க வேண்டியதில்லை. ‘கொழுப்புப் படிவு’ என்றால் வாசிப்பவருக்கு இரத்தக்குழாயே நினைவுக்கு வரும்.

அம்பாறையிலிருந்து, வளைகுடா நாட்டு ஹோட்டல்களில் குழாய்த் துப்புரவு செய்தவர்:

ஆசிரியர் ஐயா இரத்தக்குழாயைப் பற்றிச் சொன்னது சரியே. ஆனால் மசகு என்பது உராய்வைக் குறைக்க நாமே இடுகின்ற பொருள். குழாய்க்குள் இருப்பது எவரும் இடாமல் தானே வந்து ஒட்டுவது.

அது வரும் வழியைப் பார்த்தால் சொல்லும் கிடைக்கும் என்று நினைக்கிறேன். தடுப்புத் தகடுகள் கொண்ட வடியில் காற்று வளைந்து வளைந்து செல்கிறது. அத்துடன் சேர்ந்து திரும்ப இயலாத பெரிய துளிகள் தகட்டில் மோதி வழிந்து கீழ்த்தட்டில் சேர்கின்றன. ஆவியாகவும் மிக நுண்ணிய துளியாகவும் இருப்பவை தப்பிச் சென்று, குழாயின் குளிர்ந்த சுவரில் உறைகின்றன. ஆகவே வடி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குழாயைப் பற்றி அது எதையும் சொல்லாது. கொத்துக் கல்லில் எழும் சுவாலை ஒருநாள் வடியைத் தாண்டினால், விசிறியே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அங்கே பற்றிய தீக்குக் கீழே நின்று தீயணைப்பான் பிடிப்பதால் பயனில்லை.

நாங்கள் பல்லுள்ள சிறு சீப்பு ஒன்றைச் சுவரில் இழுத்துத் தடிப்பை அளப்போம். என்.எஃப்.பி.ஏ 96 என்ற அமெரிக்க நியமத்தின்படி, குழாயில் 2 மில்லிமீற்றர் இருந்தாலே துப்புரவு செய்தாக வேண்டும். அந்தக் கடை எல்லையைத் தாண்டிவிட்டது. மேலாகச் சுரண்டிவிட்டு நிறுத்தாமல் வெறும் தகரம் தெரியும்வரை எடுக்க வேண்டும். எனது முன்மொழிவு ‘பிசுக்குப்படலம்’.

காத்தான்குடியிலிருந்து, வீட்டுச் சமையலாளர்:

எங்கள் வீட்டுக் கூட்டின் வலை வடியைக் கோஸ்ரிக் சோடாவில் ஊறவைத்தேன். நுரைத்துப் பொங்கிக் கறுத்துவிட்டது. நானா சொல்லும் பிசுக்குப்படலம் இந்தக் கறுப்புத்தானா?

அம்பாறை:

இல்லை, தங்கச்சி. உங்கள் வடி அலுமினியம். கோஸ்ரிக் அதைக் கரைத்து ஐதரசன் வாயுவை வெளிவிடுகிறது. அந்த நுரைக்கருகே நெருப்பு ஆகாது. கறுத்தது உலோகமே. இனிமேல் சுடுநீரும் பாத்திரம் கழுவும் திரவமும் போதும். வலை மெலிந்து ஓட்டை விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

அக்கரைப்பற்று:

மசகை மீட்டுக்கொள்கிறேன். ஆனால் ‘படலம்’ கண்ணில் விழுவதுபோன்ற மெல்லிய ஒன்றையே குறிக்கும். 3 மில்லிமீற்றருக்கு அது பொருந்தவில்லை. மேலும், விரலில் ஒட்டாமல் காய்ந்து இறுகியதையும் ‘பிசுக்கு’ என்பீர்களா?

அம்பாறை:

நல்ல கேள்வி. சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் சூட்டில் இறுகி வார்னிஷ் போலாகும். தேங்காயெண்ணெய் அவ்வளவு எளிதில் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நெடுநாள் நிற்கும். இறுகியதைக் கரைக்க மருந்தும் நேரமும் கூடுதலாக வேண்டும் என்பதால் அதற்குத் தனிச்சொல் பயன்படும். கழுவாத பாத்திரத்தில் ஒட்டிக்கிடப்பதைப் ‘பற்று’ என்கிறோமே, ‘பிசுக்குப் பற்று’ எனலாமா?

மட்டக்களப்பு:

தடிப்பைக் கருதிப் ‘படலம்’ என்பதை விட்டுப் ‘பிசுக்குப் படிவு’ என்று எடுத்துக்கொள்கிறேன். அறிவுறுத்தலின் முதல் வரி இப்போது இப்படி அமைந்துள்ளது: “வடியைக் கழுவிய பின்னரும் குழாயின் மூடியைத் திறந்து, வளைவில் பிசுக்குப் படிவு 2 மில்லிமீற்றரை எட்டியுள்ளதா என அளந்து பாருங்கள்.” ‘பற்று’ என்பதைக் கடைக்காரர்கள் கணக்குப் பற்று என்று எடுத்துக்கொள்வார்களோ என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. கல்லடித் தம்பியிடம் அந்த இரண்டு சொல்லையும் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.