ஆர்கானிக் பருத்தியா, லையோசெல்லா? துணி எடுத்தவர்கள் சொல்லுங்கள்

திருப்பூரில் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்குத் துணி எடுக்கப்போகிறேன். மூன்று துணியையும் ‘பசுமை’ என்றே விற்கிறார்கள். ரீசைக்கிள் பாலியெஸ்டரை ஒதுக்கிவிட்டேன். பெட் பாட்டிலில் செய்தாலும் துவைக்கும்போது நுண்ணிழை உதிரத்தான் செய்யும், வியர்வையையும் உறிஞ்சாது.

லையோசெல் மரக்கூழைக் கரைத்து எடுக்கும் இழை; அதில் கரைப்பானைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள், அது நல்ல விஷயம். ஆனால் ஈரத்தில் உரசினால் மேலே பிசிறு எழுகிறது. என்சைம் வாஷ் கொடுத்தால் வீட்டுத் துவைப்பில் நிற்குமா?

ஆர்கானிக் பருத்திக்கு மில்காரர் ஜி.ஓ.டி.எஸ் ஸ்கோப் சான்றிதழைக் காட்டுகிறார். அது மில்லுக்குத் தகுதி உண்டு என்று மட்டும்தான் சொல்லும். நான் வாங்கும் லாட் ஆர்கானிக்தான் என்பதற்கு எடையோடு டிரான்சாக்ஷன் சான்றிதழ் வேண்டும். கேட்டால், ‘சின்ன ஆர்டர், அப்புறம் பார்க்கலாம்’ என்கிறார். 200 கிலோ அளவில் அந்தச் சான்றிதழை வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? செலவு யார் தலையில் விழுந்தது?