பால் குடிச்சா வயிற்றோட்டம்: அலர்ஜியா, லக்டோஸ் ஒத்துக்கொள்ளாததா?

நிலாவெளி அம்மா:
மகனுக்கு ரெண்டு வயசு. ரெண்டு கிழமைக்கு முன்னம் சத்தியும் வயிற்றோட்டமும் வந்து சுகமாயிட்டுது. இப்ப காலையில 200 மில்லி பால்மாப் பால் குடுத்தா, ஒரு மணித்தியாலத்துக்குள்ள வயிறு உப்பி இரைஞ்சு தண்ணியாப் போகுது. புளிச்ச மணம், பின்பக்கம் சிவந்து போச்சு. மாமி 'பால் அலர்ஜி, எல்லாத்தையும் நிப்பாட்டு' எண்டுறா. ஆனா கந்தளாய்ச் சட்டித் தயிர் ரெண்டு கரண்டி சாப்பிட்டா ஒண்டும் இல்லை.

உப்புவெளி தம்பி:
அலர்ஜிதான் அக்கா. ஆட்டுப்பால் குடுத்துப் பாருங்கோ, அது ஒத்துக்கொள்ளும்.

குழந்தைகள் வார்ட் தாதி:
தங்கச்சி, நீங்கள் சொல்லுறது லக்டோஸ் பக்கம்தான் கூடப் போகுது. வயிற்றோட்டத்தில குடலின் உள்பக்கத் தோல் தேஞ்சு, லக்டோஸ் எண்ட பாலின்ர சீனியைச் செரிக்க வைக்கிற லக்டேஸ் குறைஞ்சிடும். செரிக்காத சீனி பெருங்குடலில புளிச்சுக் காற்றாகும், தண்ணியையும் இழுக்கும். புளிச்ச மணமும் சிவப்பும் அதாலதான். தயிரில கிருமிகள் கொஞ்சச் சீனியைத் தின்னுறதால அது தாங்கும்.

ரெண்டு கிழமைக்குப் பால்மாவையும் ஐஸ்கிறீமையும் நிப்பாட்டுங்கோ. தயிரைச் சோத்தோட குடுங்கோ, தாய்ப்பால் இருந்தா நிப்பாட்டாதேங்கோ. லக்டோஸ்தான் காரணமெண்டா சில நாளில வயிறு அடங்கும். பிறகு சாப்பாட்டோட 50 மில்லி பால், மூண்டு நாளைக்கு ஒருக்கா கூட்டுங்கோ. மலத்தில ரத்தம், நிறைக்குறைவு, இல்லாட்டி நாலு கிழமை தாண்டியும் போனா டொக்டரிட்டக் காட்டவேணும்.

தம்பி, ஆட்டுப்பாலிலும் லக்டோஸ் கிட்டத்தட்ட அவ்வளவுதான். அலர்ஜி பாலின்ர புரதத்தால வாறது; ஆட்டுப்பாலின்ர புரதம் மாட்டுப்பாலோட அவ்வளவு ஒத்தது, அதால அலர்ஜிக்கும் அது உதவாது.

மூதூர் அப்பா:
என்ர மகளுக்கு ஒரு வாய் பால்தேத்தண்ணி குடிச்சு பத்து நிமிஷத்தில உதடு வீங்கி உடம்பெல்லாம் தடிச்சுது. லக்டோஸ் இல்லாத பால் வாங்கினன், அதுக்கும் அப்பிடியே.

குழந்தைகள் வார்ட் தாதி:
அது வேற விஷயம் அண்ணா, அதுதான் அலர்ஜி மாதிரி. அந்தப் பாலில சீனியை மட்டும்தான் உடைச்சிருக்கு, புரதம் அப்பிடியே இருக்கு. கொஞ்சமாக் குடுத்தாலும் வரும். வீட்டில திரும்பக் குடுத்துச் சோதிக்காதேங்கோ. எருமைத் தயிர், நெய், பட்டர், பால் டொபி எல்லாம் நிப்பாட்டி, பிஸ்கட் பக்கெட்டில 'whey', 'casein' எண்டு பால் புரதத்தின்ர பேர் இருக்கோ பாருங்கோ. இழுப்பு, குரல் அடைப்பு, திரும்பத் திரும்பச் சத்தி, சோர்வு வந்தா உடன ஆஸ்பத்திரிக்கு. தேங்காய்ப்பால் பாலுக்கு மாற்று இல்லை, புரதமும் கல்சியமும் குறைவு. எலும்போட சாப்பிடுற நெத்தலியும் குரக்கனும் கல்சியத்துக்கு உதவும். பால் இல்லாம எவ்வளவு போதும் எண்டதை கிளினிக்கில கேட்டு வையுங்கோ.

நிலாவெளி அம்மா:
அப்ப தயிரை விட்டுவிடாமக் குடுக்கிறன். ஆனா ஒரு விஷயம் சொல்ல மறந்திட்டன், கன்னத்தில ஆறு மாசத்திலயிருந்து சொறி வந்து வந்து போகுது. அதுவும் பாலாலயா?

குழந்தைகள் வார்ட் தாதி:
இங்கயிருந்து சொல்ல ஏலாது. தாமதமா வாற அலர்ஜி மணித்தியாலக் கணக்கிலயும், ரெண்டு நாள் கழிச்சும் சொறியாத் தெரியும். அதுக்கு ரத்தப் பரிசோதனையும் நம்பிக்கையா உதவாது. இந்த ரெண்டு கிழமையும் என்ன சாப்பிட்டான், எந்த நேரம், சொறி எப்பிடி இருந்தது எண்டு கொப்பியில எழுதிக்கொண்டு போங்கோ. தயிர் சாப்பிட்ட நாளில சொறி கூடுதோ எண்டதைத் தனியாக் குறியுங்கோ.